முதல் நாள், எந்த கேட்?

காலை 8.20-க்கு என் கைப்பேசி அடித்தது. அக்கா மகள்.

"சித்தி, கேட்டுக்கு வந்துட்டேன். கார்டு இல்லாம உள்ள விட மாட்டேங்குறாங்க. ஆஃபர் லெட்டரைக் காட்டினேன், 'இந்தப் பக்கம் இல்லம்மா'ன்னு அனுப்பிட்டாங்க. வேற எந்தப் பக்கம்னு தெரியலை."

அவளுக்கு அன்று முதல் வேலை, முதல் நாள். ஒன்பது மணிக்கு ஹெச்.ஆர். முன்னால் இருக்க வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து முந்தின நாளே வந்து விடுதியில் தங்கி, காலையில் இட்லிகூடச் சாப்பிடாமல் கிளம்பி, எட்டு மணிக்கே ஐ.டி. பார்க் வாசலில் இறங்கியவள். ஹெச்.ஆர். மேசை முன் அவள் போய் நின்றபோது மணி 9.50. ஊரிலிருந்து அறுநூறு கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் கடந்து வந்தவளை, ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்த கடைசி ஒரு கிலோமீட்டர் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அலைக்கழித்தது.

அன்று மாலை அவளை உட்காரவைத்து, எங்கெங்கே போனாள், யாரிடம் என்ன கேட்டாள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பத்து வருடங்களுக்கு மேல் ஐ.டி. நிறுவனங்களின் அட்மின் பிரிவில் இருந்தவள் நான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு கேட் பாஸ் போட்டுக் கொடுப்பதும், வழி தெரியாமல் நிற்பவர்களை போனில் வழிநடத்துவதும் என் வேலையாக இருந்தது. அவள் சொன்னதைக் கேட்டபோது ஒன்று தெளிவாகப் புரிந்தது. அவளிடம் யாரும் தவறான வழி சொல்லவில்லை. எல்லோரும் அவரவருக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொன்னார்கள். அவள்தான் ஒருவருக்குத் தெரியாததை அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் குற்றமும் இல்லை. எதை யாரிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முகவரி தபாலுக்கு, வழி காலுக்கு

ஆஃபர் லெட்டரில் இருக்கும் முகவரி தபால் வந்து சேருவதற்காக எழுதப்பட்டது. தபால்காரருக்கு வட்டாரம் தெரியும், வளாகம் தெரியும், கட்டடமும் தெரியும். புதிதாக வருகிறவருக்கு இந்த மூன்றும் தெரியாது.

சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். மவுண்ட் பூந்தமல்லி சாலையில் இருக்கும் டி.எல்.எஃப். வளாகத்தைப் பேச்சுவழக்கில் எல்லோரும் 'மணப்பாக்கம் டி.எல்.எஃப்.' என்பார்கள். அங்குள்ள நிறுவனங்களின் முகவரியைப் பாருங்கள்: 1/124, சிவாஜி கார்டன்ஸ், மூன்லைட் ஸ்டாப், நந்தம்பாக்கம் போஸ்ட், ராமாபுரம், சென்னை 600089. இதில் மணப்பாக்கம் என்ற பெயரே இல்லை. ராமாபுரம் என்று ஆட்டோ பிடித்தால் ஊருக்குள் கொண்டுபோய் விடலாம். நந்தம்பாக்கம் என்று சொன்னால் டிரேட் சென்டர் பக்கம் இறக்கிவிடலாம். சிவாஜி கார்டன்ஸ் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. இந்த வரிகளில் எதுவும் பொய்யில்லை. அஞ்சல் வட்டமும் மனை எண்ணும் அப்படித்தான் பதிவாகியிருக்கின்றன. ஆனால் கால் போக வேண்டிய வழி அதில் இல்லை.

வெறுமனே 'டி.எல்.எஃப்.' என்று சொன்னாலும் இப்போது போதாது. தரமணியில் அதே நிறுவனத்தின் டவுன்டவுன் என்ற இன்னொரு அலுவலக வளாகம் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே சாலை வழியாகப் பத்து கிலோமீட்டருக்கு மேல். கேப் பதிவு செய்யும்போது மூன்று எழுத்தைத் தட்டியதும் மேலே வருவதைத் தேர்வு செய்துவிட்டு, தரமணியில் போய் இறங்குவது சாத்தியம்தான்.

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் சிக்கல் வேறு மாதிரி. ஐ.டி.பி.எல். என்பது அங்கே ஒரு வளாகத்தின் பெயர், அதன் முன்னால் ஓடும் சாலைக்கும் அதுவே பெயர். 'ஐ.டி.பி.எல். மெயின் ரோடு' என்று முகவரி இருக்கும் நிறுவனம் அந்த வளாகத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வளாகத்துக்குள் போய்விட்டாலும், கட்டடங்களுக்கு எண் கிடையாது. டிஸ்கவரர், இன்னோவேட்டர், கிரியேட்டர், எக்ஸ்ப்ளோரர், இன்வென்டர், நேவிகேட்டர் என்று எல்லாம் ஒரே ஓசையில் முடியும் பெயர்கள். போனில் ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டுக் குறித்துக்கொண்டால், இன்வென்டரும் இன்னோவேட்டரும் எளிதில் இடம் மாறிவிடும். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நிளா, பம்பா, பெரியாறு, பவானி என்று ஆறுகளின் பெயர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர்கள் சட்டென்று மனதில் பதிந்துவிடும். ஆனால் எந்த ஆறு எந்தப் பக்கம் என்பதைப் பெயர் சொல்லாது.

அதனால் முகவரியை அப்படியே மனப்பாடம் செய்வதால் பயனில்லை. அதை நான்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: எந்த வளாகம், எந்த கேட், எந்தக் கட்டடம், எந்த மாடியில் எந்தப் பக்கம். ஆஃபர் லெட்டரில் முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் இருக்கும், நான்காவது சில சமயம் இருக்கும். இரண்டாவது, அதாவது கேட், அநேகமாக இருக்கவே இருக்காது. என் அக்கா மகள் முதலில் முட்டிக்கொண்டதும் அங்கேதான்.

முதல் நாள் நீங்கள் விசிட்டர்

வேலைக்குச் சேரப் போகிறோம், ஆகவே நாம் ஊழியர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நிறுவனத்தின் கணக்கில் அது சரி. வளாகத்தின் கணக்கில் சரியில்லை. கழுத்தில் கார்டு இல்லாதவர் எவரும் வளாகத்துக்கு விசிட்டர்தான். கார்டு கைக்கு வர ஒரு நாள் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அதுவரை விசிட்டர்களுக்கான வழியில்தான் போய்வர வேண்டும்.

பெரிய வளாகம் ஒன்றில் நான்கைந்து கேட் இருக்கும். ஒன்று கார்களுக்கும் நிறுவன பஸ்களுக்கும். ஒன்று கார்டைத் தேய்த்தால் மட்டும் சுழலும் தடுப்புள்ள, நடந்து வரும் ஊழியர்களுக்கான வழி. ஒன்று இரு சக்கர வாகனத்துக்கு, இன்னொன்று சரக்கு வண்டிக்கு. இவற்றில் ஒன்றில் மட்டும், சில வளாகங்களில் இரண்டில், விசிட்டர் கவுன்டர் இருக்கும். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கேட் பெரும்பாலும் ஊழியர்களுக்கானது, கூட்டமும் அங்கேதான் இருக்கும். கூட்டத்தோடு போய் அங்கே நிற்பது இயல்பு. அவளும் அங்கேதான் நின்றாள். விசிட்டர் கவுன்டர் இருந்த கேட், சுவரை ஒட்டி வெளியே நடந்தால் எழுநூறு மீட்டர் தள்ளி இருந்தது.

செக்யூரிட்டிக்காரர் ஏன் இரக்கம் காட்டுவதில்லை என்ற வருத்தம் பலருக்கு உண்டு. நம்மூர் ஐ.டி. வளாகங்களில் பல, சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். 2005-ஆம் ஆண்டு சட்டமும் 2006-ஆம் ஆண்டு விதிகளும் அவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. வேலை நடக்கும் பகுதியைச் சுற்றி அடைப்பு இருக்க வேண்டும், உள்ளே நுழையவும் வெளியேறவும் குறிப்பிட்ட வழிகள் மட்டுமே இருக்க வேண்டும், அடையாள அட்டையோ அனுமதியோ இல்லாமல் ஆட்கள் போகக் கூடாது என்பது அங்கே விதி. ஊழியர் வழியில் நிற்பவரிடம் உங்களுக்குப் பாஸ் போடும் கணினி இல்லை. உங்களை விட்டால் அவர் வேலை போகும். அதனால் அவரிடம் லெட்டரை நீட்டிப் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, விசிட்டர் பாஸ் எந்த கேட்ல போடறாங்க?" அதற்கு அவரிடம் பதில் இருக்கும்.

விசிட்டர் கவுன்டரில் நடப்பது இதுதான். நீங்கள் சேரப் போகும் நிறுவனத்தின் ஹெச்.ஆர். அல்லது அட்மின், முந்தின நாளே உங்கள் பெயர், கைப்பேசி எண், வரும் தேதி, போக வேண்டிய கட்டடம் ஆகியவற்றை வளாகத்தின் கணினியில் பதிந்து வைப்பார்கள். உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும், அதில் கியூ.ஆர். குறியீடு இருக்கும். கவுன்டரில் அதைக் காட்டினால், ஆதார் போன்ற அடையாள அட்டையைச் சரிபார்த்து, படம் எடுத்து, பாஸ் தருவார்கள். கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பிச் சரிபார்க்கும் இடங்களும் உண்டு.

இதில் தவறுவது பெரும்பாலும் கைப்பேசி எண்தான். விண்ணப்பத்தில் கல்லூரிக் காலத்து எண்ணைக் கொடுத்திருப்பார்கள், இப்போது கையில் இருப்பது வேறு எண். கவுன்டரில் எண்ணைச் சொன்னால் 'பதிவே இல்லை' என்று வரும். அங்கே பதறிப்போய் ஹெச்.ஆருக்கு அடிக்கத் தேவையில்லை. "பெயரைப் போட்டுப் பாருங்க" என்றோ, "கம்பெனி பெயரைப் போட்டு, இன்னைக்கு வர்றவங்க பட்டியல் பாருங்க" என்றோ கேட்டால் போதும், பல முறை கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால் அப்போதுதான் ஹெச்.ஆர். தேவை. அதற்கு அவருடைய நேரடிக் கைப்பேசி எண் வேண்டும். லெட்டரின் அடியில் இருக்கும் பொது எண்ணைக் காலை எட்டரைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

சொந்த மடிக்கணினியைக் கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நுழையும்போதே அதன் வரிசை எண்ணைப் பதிவேட்டில் எழுதவைத்து, அதற்கான சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் போனால் உள்ளே போகும்போது ஒன்றும் தெரியாது. மாலை வெளியே வரும்போது அது உங்களுடையதுதான் என்று காட்ட ஒரு சீட்டும் இருக்காது.

வளாக வண்டி ஒரே திசையில்தான் சுற்றும்

பாஸ் கைக்கு வந்தபோது மணி 8.50. கவுன்டரில் இருந்தவர், "ஷட்டில் வரும், ஏறிக்கோங்க" என்றிருக்கிறார். அவளும் நின்றிருக்கிறாள்.

வளாகத்துக்குள் ஓடும் வண்டிகளில் மூன்று வகை உண்டு. வளாகத்தை நிர்வகிப்பவர்கள் எல்லோருக்குமாக விடும் ஷட்டில் ஒன்று. அது சிறு பஸ்ஸாக இருக்கும், அல்லது மின்கலத்தில் ஓடும் திறந்த வண்டியாக இருக்கும். ஒரு நிறுவனம் தன் ஆட்களுக்கு மட்டும் விடும் பஸ் இன்னொன்று. அதில் அந்த நிறுவனத்தின் கார்டு இல்லாமல் ஏற முடியாது. சிறுசேரி சிப்காட் மாதிரி பரந்த இடங்களில் மாநகரப் பேருந்தே உள்ளே வரும், அங்கே ஓ.எம்.ஆர். சாலையிலிருந்து சில நிறுவனங்களுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். முதலில் வந்து நிற்கும் வண்டி எந்த வகை என்று பார்த்துத்தான் ஏற வேண்டும்.

அவள் சரியான வண்டியில்தான் ஏறினாள். சிக்கல் அதற்கப்புறம். வளாகத்தின் உள்சாலைகள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை, ஷட்டில் ஒரு வளையமாக ஒரே திசையில் சுற்றும். உங்கள் கட்டடம் கேட்டிலிருந்து வலப்பக்கம் இரண்டாவதாக இருக்கலாம். வண்டி இடப்பக்கமாகச் சுற்றினால் அதுவே கடைசி நிறுத்தமாகிவிடும். வண்டிக்காரருக்கு நிறுத்தங்கள் தெரியும், அவை 'ஃபுட் கோர்ட்', 'ஏ.டி.எம்.', 'மல்டி லெவல் பார்க்கிங்' என்று அழைக்கப்படும். உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும். "பிளாக் ஏழுக்கு எந்த ஸ்டாப்புல இறங்கணும்?" என்று ஏறும்போதே கேட்க வேண்டும். நிறுத்தத்தைத் தாண்டிவிட்டால் வண்டியிலேயே உட்கார்ந்து இன்னொரு சுற்று வரலாம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே நடந்து திரும்பினால் சீக்கிரம் போய்விடலாம்.

ஷட்டிலா, நடையா என்று முடிவு செய்ய எளிய கணக்கு ஒன்று உண்டு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ஷட்டில் என்றால், எதேச்சையாகப் போய் நிற்பவர் சராசரியாக ஏழெட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். வளையத்தை ஒரு முறை சுற்ற அதற்குப் பத்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நிறுத்தம் பாதி வழியில் இருந்தால் ஐந்து நிமிடம். ஆக, பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம். சாதாரண நடையில் அந்த நேரத்துக்குள் ஒரு கிலோமீட்டர் போய்விடலாம். எனவே ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு என்றால், மழையும் கொளுத்தும் வெயிலும் இல்லாத நாளில், நடப்பதுதான் உறுதியான வழி. நடப்பவருக்கு இன்னொரு லாபம், போகிற வழியில் ஒவ்வொரு கட்டடத்தின் எண்ணும் கண்ணில் படும். காலை ஒன்பதை ஒட்டிய நேரத்தில் ஷட்டில் நிரம்பி வரும், முதல் வண்டியில் இடம் கிடைக்காமலும் போகலாம். அவளுக்கு அதுதான் நடந்தது. இரண்டாவது வண்டியில்தான் ஏறினாள்.

கைப்பேசி வரைபடம் இந்த இடத்தில் அதிகம் உதவாது. கட்டடத்தின் மேல் குத்தப்பட்ட புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் சாலை எதுவோ, அதில் கொண்டுபோய் நிறுத்துவது அதன் வழக்கம். அந்தச் சாலை சுற்றுச்சுவருக்கு வெளியே பின்பக்கச் சந்தாகவும் இருக்கலாம். 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொல்லும்போது கண் முன்னால் வாசல் இல்லாமல் சுவர் மட்டும் இருந்தால், இதுதான் காரணம். அதனால் ஹெச்.ஆரிடம் லொகேஷன் கேட்கும்போது, அலுவலகத்தின் லொகேஷனைக் கேட்காதீர்கள். விசிட்டர் கேட்டின் லொகேஷனைக் கேளுங்கள்.

4பி என்பது கட்டடமா, மாடியா?

அன்றைய அலைச்சலில் பெரிய பங்கு இதற்குத்தான். அவள் லெட்டரில் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே 'பிளாக் 7, 4பி' என்று இருந்தது. பாஸில் இடம் போதாமல் '4பி' என்று மட்டும் அச்சாகியிருந்தது. அந்த வளாகத்தில் பிளாக் 4ஏ, பிளாக் 4பி என்று இரண்டு கட்டடங்களும் இருந்தன. ஷட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் பாஸைக் காட்டியிருக்கிறாள். அவர் அக்கறையோடு 4பி வாசலிலேயே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

லெட்டரில் இருந்த 4பி-க்கு நாலாவது மாடி, பி விங் என்று பொருள். கட்டடம் ஏழு. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஒரு மாடியே மிகப் பரந்தது. அதை இரண்டாகவோ நான்காகவோ பிரித்து விங் என்பார்கள், ஒவ்வொரு விங்கிலும் ஒரு நிறுவனம் இருக்கலாம். மணப்பாக்கத்திலும் ஒரே பிளாக் எண்ணோடு ஏ, பி, சி என்று எழுத்து சேர்ந்த கட்டடங்கள் உண்டு. எண்ணும் எழுத்தும் சேர்ந்து வந்தால் அது கட்டடத்தையும் குறிக்கலாம், மாடியையும் குறிக்கலாம். லெட்டரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தவறான கட்டடத்தில் நிற்கிறோம் என்பதை அங்கேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டடத்தின் கீழ்த்தள லாபியிலும் எந்த மாடியில் எந்த நிறுவனம் என்ற பெயர்ப்பலகை இருக்கும். உங்கள் நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை என்றால் லிஃப்ட் பக்கம் போகவே வேண்டாம். அவள் பலகையைப் பார்க்காமல் வரிசையில் நின்று, லாபி மேசையில் இருந்தவரிடம் பெயரைச் சொல்ல, அவர் தன் கணினியில் தேட, பின்னால் நின்றவர்கள் பொறுமையிழக்க, இருபது நிமிடம் அங்கே போயிற்று.

பலகையில் பெயர் இல்லாததற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். ஒப்பந்தப் பணியில் சேருகிறவர்களுக்கு ஆஃபர் லெட்டர் கொடுப்பது ஒரு நிறுவனம், உட்கார்ந்து வேலை செய்யும் இடம் இன்னொரு நிறுவனத்தின் அலுவலகம். பலகையில் அந்த இரண்டாவது பெயர்தான் இருக்கும். விசிட்டர் பதிவையும் அவர்களே செய்திருப்பார்கள். இப்படிச் சேருகிறவர்கள், "எந்த கிளையன்ட்டோட ஆஃபீஸ், அங்க யார் பேர்ல பாஸ் போட்டிருக்காங்க?" என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். பெரிய நிறுவனம் என்றால் ஒரே வளாகத்தில் மூன்று கட்டடங்களில் அலுவலகம் இருக்கும். முதல் நாள் பயிற்சி ஒரு கட்டடத்தில், பிறகு உட்காரும் இடம் இன்னொன்றில் என்று இருப்பதும் வழக்கம். லெட்டரில் இருப்பது இரண்டாவது இடமாக இருந்து, நீங்கள் போக வேண்டியது முதலாவதாக இருக்கலாம்.

கடைசியாக லிஃப்ட்

ஏழாவது பிளாக்குக்கு நடந்து வந்து சேர்ந்தாள். அங்கே லாபியில் மறுபடி ஒரு பதிவு. வளாகத்தின் பாஸ் வளாகத்துக்கு மட்டும்தான், கட்டடத்துக்குள் போக இன்னொரு சீட்டு வேண்டும். பிறகு லிஃப்ட்.

புதிய கட்டடங்கள் சிலவற்றில் லிஃப்டுக்குள் மாடி எண் பொத்தானே கிடையாது. வெளியே சுவரில் ஒரு தொடுதிரை இருக்கும். அதில் எந்த மாடி என்று தட்டினால் 'சி' என்றோ 'டி' என்றோ ஓர் எழுத்தைக் காட்டும். அந்த எழுத்துள்ள லிஃப்டில் ஏறினால் அது தானாக அந்த மாடியில் நிற்கும். கதவு திறந்திருக்கிறதே என்று வேறொன்றில் ஏறினால் உள்ளே அழுத்த ஒன்றும் இருக்காது. வேறு சில கட்டடங்களில் கீழ் மாடிகளுக்கு ஒரு லிஃப்ட் வரிசை, மேல் மாடிகளுக்கு இன்னொன்று. கீழ் வரிசை லிஃப்டில் ஏறிப் பத்தாவது மாடியைத் தேடினால் கிடைக்காது. ஏறும் முன் கதவுக்கு மேலே எழுதியிருக்கும் மாடி எண்களை ஒரு முறை படித்தால் போதும்.

மாடியில் இறங்கியதும் இடமா வலமா என்பது விங் எழுத்தைப் பொறுத்தது. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிறுவனத்தின் சொந்த ரிசப்ஷன் இருக்கும். உங்கள் பெயர் தெரிந்த முதல் மனிதர் அங்கேதான் இருப்பார். அதுவரை சந்தித்த எவருக்கும் உங்கள் பெயர் தேவையே இல்லை. கேட்டில் நிற்பவருக்குக் கேட்கள் தெரியும், கவுன்டரில் இருப்பவருக்கு நிறுவனங்கள் தெரியும், வண்டிக்காரருக்கு நிறுத்தங்கள் தெரியும், லாபியில் இருப்பவருக்கு மாடிகள் தெரியும். ஒவ்வொருவரிடமும் அடுத்த ஓர் அடியை மட்டும் கேட்டால் சரியான பதில் வரும். "இந்த ஆஃபீஸ் எங்க இருக்கு?" என்று மொத்தத்தையும் ஒருவரிடம் கேட்டால், அவருக்குத் தெரிந்த துண்டை வைத்து ஏதோ ஒரு பக்கம் கை காட்டுவார்.

எத்தனை மணிக்குப் போய் நிற்பது?

ஒன்பது மணிக்கு ஹெச்.ஆர். முன்னால் இருக்க வேண்டும் என்றால், பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். நிறுவன ரிசப்ஷனில் ஐந்து நிமிடம். லிஃப்ட் வரிசையில், காலைக் கூட்ட நேரத்தில், பத்து நிமிடம். லாபிப் பதிவுக்குப் பத்து நிமிடம். கேட்டிலிருந்து கட்டடம் வரை நடக்கவோ வண்டிக்கோ பதினைந்து நிமிடம். விசிட்டர் கவுன்டரில் பதினைந்து நிமிடம். திங்கட்கிழமை என்றால் புதிதாகச் சேருகிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள், அங்கே இன்னும் கூடும். மொத்தம் 55 நிமிடம். அப்படியென்றால் 8.05-க்கு விசிட்டர் கேட்டில் நிற்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் 8.05-க்கு இறங்கினால் கணக்கு தவறிவிடும், அங்கிருந்து கேட் எழுநூறு மீட்டராக இருக்கலாம்.

அவள் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தவள். சரியான கேட்டுக்கு நேராகப் போயிருந்தால், அந்த எழுநூறு மீட்டர் நடையையும் சேர்த்து ஒன்பதைச் சற்றே தாண்டிப் போய்ச் சேர்ந்திருப்பாள். சீக்கிரம் கிளம்பியது வீணானதற்குக் காரணம், முந்தின நாள் மாலை கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகளை அன்று காலை ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டதுதான். ஹெச்.ஆருக்கு ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அவற்றை அனுப்பிவிடலாம். நாளைக்கு விசிட்டர் பாஸ் எந்த கேட்டில்? எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த விங், பயிற்சியும் அங்கேயேதானா? எந்தக் கைப்பேசி எண்ணில் என் பெயரைப் பதிந்திருக்கிறீர்கள்? காலையில் யாரைக் கூப்பிடுவது? பதிலைக் கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளிலும் எழுதிக்கொள்ள வேண்டும். கட்டடத்தின் அடித்தளத்திலும் லிஃப்டிலும் சிக்னல் போய்விடும்.

ஹெச்.ஆரில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். முகவரிக்குக் கீழே, 'விசிட்டர் கேட் எண் இது, அதன் லொகேஷன் இது' என்று ஒரு வரி சேர்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அட்மினில் இருந்த காலத்தில் அந்த வரியைச் சேர்த்த பிறகு, காலை எட்டரைக்கு எனக்கு வரும் அழைப்புகள் குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் கல்லூரித் தோழி ஒருத்தி அதே நிறுவனத்தில் சேர்ந்தாள். அதற்கு முந்தின நாள் இரவு தோழிக்கு அனுப்பிய செய்தியை என்னிடம் காட்டினாள். 'பஸ்ல இருந்து இறங்கினதும் கூட்டத்தோட போகாத. வலது பக்கம் சுவர் ஓரமாவே வா, பெட்ரோல் பங்க் தாண்டி வர்ற ரெண்டாவது கேட். எட்டு மணிக்கு வா. பேர் வரலன்னா கம்பெனி பேர்ல தேடச் சொல்லு. ஷட்டில் வேண்டாம், நேரா நட, ஃபுட் கோர்ட் தாண்டி இடது பக்கம் பிளாக் ஏழு. நாலாவது மாடி, லிஃப்ட்ல இருந்து வெளிய வந்ததும் வலது பக்கக் கதவு. பாஸ்ல 4பின்னு இருக்கும். அது கட்டடம் இல்ல.'

தோழி 8.50-க்கு ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாளாம்.